மென்பொருளே ரெஸ்யூமேவை நிராகரித்துவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராத்திரி ஒரு மணிக்கு விண்ணப்பம் போட்டேன். விடிவதற்குள் "வருந்துகிறோம்" என்று மெயில் வந்துவிட்டது. என் ரெஸ்யூமேவை யாராவது படித்துத்தான் பார்த்தார்களா?

அந்த நேரத்தில் உட்கார்ந்து ரெஸ்யூமே படிக்கிறவர்கள் மிகக் குறைவு. அநேகமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இதே கேள்வியோடு அமெரிக்காவில் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார். டெரெக் மோப்ளி நாற்பது வயதைத் தாண்டியவர், கறுப்பினத்தவர். வொர்க்டே என்ற நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் பல கம்பெனிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போட்டார். எல்லா இடத்திலும் நிராகரிப்புதான். ஒரு முறை நள்ளிரவு 12.55-க்கு விண்ணப்பித்தார், 1.50-க்கு நிராகரிப்பு மெயில் வந்தது. 2023 பிப்ரவரியில் வொர்க்டே மீது வழக்குப் போட்டார். வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும்படி நிறுவனம் கேட்டபோது, 2024 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபெடரல் நீதிமன்றம் மறுத்தது. மனிதர் பார்க்காமலே முடிவு எடுக்கப்பட்டிருக்கலாம் என்று எண்ண இடம் இருப்பதற்கு அந்த 1.50 மணி மெயிலையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது.

2025 மே மாதம் வழக்கு இன்னும் பெரிதானது. 2020 செப்டம்பர் 24-க்குப் பிறகு வொர்க்டே வழியாக விண்ணப்பித்து, அடுத்த கட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படாத நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வழக்காடலாம் என்று முதற்கட்ட அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில் தங்கள் மென்பொருள் வழியாக நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 110 கோடி என்று வொர்க்டேயே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. பாகுபாடு நடந்தது என்று இந்த உத்தரவுகள் எதுவும் சொல்லவில்லை. நிறுவனமும் அதை மறுக்கிறது, முடிவு எடுப்பது வாடிக்கையாளர் கம்பெனிகள்தான் என்கிறது. ஆனால் "எந்திரம் செய்தது, யாரையும் கேட்க முடியாது" என்ற பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு இந்த வழக்கில் முக்கியமாகப் படுவது அதுதான்.

நூறு ரெஸ்யூமேயில் எழுபத்தைந்தை மெஷினே தூக்கிப் போட்டுவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

அந்த எழுபத்தைந்து சதவீதக் கணக்குக்குப் பின்னால் நம்பத்தக்க ஆய்வு எதுவும் இல்லை. ரெஸ்யூமே எழுதிக் கொடுப்பவர்களின் விளம்பரங்களில் சுற்றிச் சுற்றி வரும் எண் அது.

உண்மையில் நடப்பது மூன்று விதம். முதலாவது, விண்ணப்பப் படிவத்திலேயே வரும் நேரடிக் கேள்விகள். "இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா?" "ஐந்து வருட அனுபவம் உண்டா?" என்று கேட்கும். "இல்லை" என்று போட்டால் அங்கேயே கதவு மூடிக்கொள்ளும். இரண்டாவது, ரெஸ்யூமேயிலிருந்து மென்பொருள் பிரித்தெடுக்கும் விவரங்கள் மேல் போடப்படும் விதிகள். கடைசி வேலைக்குப் பிறகு ஆறு மாதம் இடைவெளி இருந்தால் வெளியே, பட்டம் இல்லாவிட்டால் வெளியே, இப்படி. மூன்றாவது, மதிப்பெண். வேலை விளம்பரத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு ரெஸ்யூமேவுக்கும் ஒரு எண் போட்டு வரிசைப்படுத்தும். இதில் யாரும் நிராகரிக்கப்படுவதில்லை, ஆனால் ரெக்ரூட்டர் முதல் முப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டால் நானூறாவது இடத்தில் இருப்பவருக்கு அதுவும் நிராகரிப்புதான்.

2021-இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருப்பவர்களை வடிகட்டிவிடுவதாகக் கிட்டத்தட்ட பாதி நிறுவனங்கள் சொல்லியிருந்தன. வேலைக்குத் தகுதியான ஆட்கள், விளம்பரத்தில் எழுதியிருப்பதோடு அச்சுப் பிசகாமல் பொருந்தவில்லை என்பதற்காகவே வெளியே போய்விடுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. குறை இருப்பது வாங்கியவர்களுக்கே தெரிகிறது. தெரிந்தும் விதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கம்பெனி தனக்குப் பிடித்த ஆளை எடுக்கிறது. இதில் சட்டத்துக்கு என்ன வேலை?

பிடித்த ஆளை எடுக்கலாம். இனம், பாலினம், வயது போல, இதை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் சொல்லும் ஒன்றுக்காக ஒருவரை ஒதுக்கத்தான் முடியாது. அமெரிக்கச் சட்டம் இதை இரண்டு வகையாகப் பார்க்கிறது.

ஒன்று, வேண்டுமென்றே ஒதுக்குவது. ஐடியூட்டர்குரூப் என்ற நிறுவனம் சீனாவிலுள்ள மாணவர்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்களை எடுத்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலும் ஆன ஆண்களையும் அதன் மென்பொருள் தானாகவே நிராகரித்தது என்று, சம வேலைவாய்ப்பு ஆணையமான இ.இ.ஓ.சி. 2022-இல் வழக்குப் போட்டது. இது வெளியே வந்த விதம் கவனிக்கத்தக்கது. நிராகரிக்கப்பட்ட ஒரு பெண் அதே விண்ணப்பத்தைப் பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினார். நேர்காணலுக்கு அழைப்பு வந்துவிட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டிருந்த அந்த வழக்கு, 2023-இல் 3,65,000 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசத்தில் முடிந்தது. இதில் செயற்கை நுண்ணறிவெல்லாம் தேவையே இல்லை, ஒரே ஒரு நிபந்தனை வரி போதும்.

இரண்டாவது, நோக்கம் இல்லாமலே விளைவில் வரும் பாகுபாடு. 1971-இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்கும் நிபந்தனையாக இருந்தாலும், அது ஒரு பிரிவினரை அதிகமாக வெளியே தள்ளி, வேலைக்கும் சம்பந்தமில்லாமல் இருந்தால் செல்லாது. அந்த வழக்கில் நிபந்தனை, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் பொதுவான தேர்வுகளும். ரெஸ்யூமே மென்பொருள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இரண்டாவது வகையில்தான்.

2025 ஏப்ரலில் வந்த ஜனாதிபதி ஆணைக்குப் பிறகு, அமெரிக்க மத்திய அரசு அமைப்புகள் இந்த இரண்டாவது வகை வழக்குகளிலிருந்து பின்வாங்குகின்றன. சட்டம் மாறவில்லை. பாதிக்கப்பட்டவர் தானே வழக்குப் போடலாம், மோப்ளி செய்வதும் அதைத்தான்.

எங்கள் சிஸ்டத்துக்கு வயது, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. அந்தக் கட்டங்களையே எடுத்துவிட்டோம். அப்புறம் பாகுபாடு எங்கிருந்து வரும்?

கட்டத்தை எடுத்தாலும் தகவல் வேறு வழியில் உள்ளே வரும். பட்டம் வாங்கிய வருடத்தைப் பார்த்தால் வயது தெரிந்துவிடுகிறது. பெண்கள் கல்லூரியின் பெயர் பாலினத்தைச் சொல்லிவிடுகிறது. இரண்டு வருட இடைவெளி பெரும்பாலும் பிரசவம், குழந்தை வளர்ப்பு, நோய், அல்லது வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொண்டது.

அமேசான் 2014 வாக்கில் ரெஸ்யூமேவுக்கு மதிப்பெண் போடும் ஒரு மென்பொருளைச் சோதனையாகச் செய்து பார்த்தது. பத்து வருடமாக அந்த நிறுவனத்துக்கு வந்த ரெஸ்யூமேக்களைக் கொடுத்துப் பழக்கினார்கள். தொழில்நுட்ப வேலைகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருளும் அதையே நல்ல ஆளின் அடையாளமாக எடுத்துக்கொண்டது. "பெண்கள் சதுரங்கக் குழுத் தலைவர்" என்பது போல "பெண்கள்" என்ற சொல் வரும் ரெஸ்யூமேக்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இரண்டு பெண்கள் கல்லூரிகளின் பட்டதாரிகளுக்கும் அதே கதி. அந்தச் சொற்களைச் சரிசெய்தார்கள். ஆனால் வேறு எதை வைத்துக்கொண்டு மென்பொருள் அதே வேலையைச் செய்யும் என்று சொல்ல முடியாததால் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

எங்கள் நிறுவனத்தில் இப்படி நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணிப் பார்ப்பதுதான் வழி. 1978-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஆள்தேர்வு வழிகாட்டுதலில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஐந்தில் நான்கு விதி என்பார்கள். ஒரு பிரிவினர் தேறும் விகிதம், அதிகமாகத் தேறும் பிரிவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும்.

ஒரு கற்பனை உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 800 பேர் விண்ணப்பிக்கிறார்கள், 600 ஆண்கள், 200 பெண்கள். மென்பொருள் 240 ஆண்களையும் 50 பெண்களையும் மேலே அனுப்புகிறது. ஆண்கள் 40 சதவீதம், பெண்கள் 25 சதவீதம். 25-ஐ 40-ஆல் வகுத்தால் 0.625. 0.8-க்கு நன்றாகவே கீழே.

இதோடு நிறுத்தினால் பிரச்சினை இருக்கிறது என்பது மட்டும் தெரியும், எங்கே என்பது தெரியாது. அதனால் அடுத்து, விதிகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அதே 800 ரெஸ்யூமேக்களையும் மறுபடி ஓட்ட வேண்டும். "ஆறு மாத இடைவெளி" விதியை அணைத்தவுடன் 36 பெண்களும் 24 ஆண்களும் கூடுதலாகத் தேறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்தக் குறையும் இல்லாமல் இந்த ஒரு விதியால் மட்டும் வெளியே போனவர்கள் இவர்கள். இப்போது பெண்கள் 200-க்கு 86, அதாவது 43 சதவீதம். ஆண்கள் 600-க்கு 264, அதாவது 44 சதவீதம். விகிதம் 0.98-ஐ நெருங்கிவிட்டது. ஆக, குற்றவாளி அந்த ஒரு வரிதான்.

அடுத்து அந்த 60 பேரின் ரெஸ்யூமேக்களை ஒரு மனிதர் எடுத்துப் படிக்க வேண்டும். படித்தால்தான் தெரியும், அதில் சிலருக்கு இடைவெளியே இருந்திருக்காது. "2016–2018" என்றும் அடுத்த வேலையை "2019 முதல்" என்றும் வருடம் மட்டும் போட்டிருப்பார்கள். மாதம் இல்லாத இடத்தில் மென்பொருள் ஜனவரி என்று எடுத்துக்கொண்டால் முதல் வேலை 2018 ஜனவரியிலேயே முடிந்ததாகிவிடும். ஒரு வருட இடைவெளி தானாகப் பிறந்துவிடும். 06/07/2019 என்று எழுதினால் அது ஜூன் ஏழா, ஜூலை ஆறா என்பதும் நாட்டைப் பொறுத்து மாறும். நம் ஊர் ரெஸ்யூமேக்களில் இன்னொன்றும் உண்டு. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பெயர் எழுதுவோம். குடும்பப் பெயரைத் தேடும் மென்பொருள் அந்த ஒற்றை எழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, அதே ஆளின் பழைய விண்ணப்பத்தோடு இதை இணைக்கத் தெரியாமல் குழம்பும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்கள் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஆண்கள் 40 சதவீதம் தேறும் இடத்தில் 10 பெண்களில் 3 பேர் தேறினால் விகிதம் 0.75. இன்னும் ஒரே ஒருவர் தேறியிருந்தால் சமமாகியிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் பல மாத விண்ணப்பங்களைச் சேர்த்து எண்ண வேண்டும். அதேபோல 0.8-க்கு மேலே இருப்பதாலேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. அது சந்தேகம் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் கோடு மட்டுமே.

அந்த இடைவெளி விதி எங்களுக்குத் தேவை என்று வாதாட முடியாதா?

வாதாடலாம். வேலைக்குச் சம்பந்தமானது, தொழிலுக்கு அவசியமானது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும், குறைந்த பாதிப்போடு அதே பலனைத் தரும் வேறு வழி இருந்தது என்று எதிர்த் தரப்பு காட்டினால் தோற்கலாம். ஆறு மாதம் வேலையில் இல்லாத கணக்காளருக்குக் கணக்கு மறந்துவிடும் என்று எந்த நீதிபதியிடம் சொல்வீர்கள்? சமீபத்திய பழக்கம் உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் உண்டு. அதற்கும் இடைவெளியை அளப்பதைவிட அந்தத் திறமையை நேரடியாகச் சோதிப்பதே பொருத்தம்.

மென்பொருள் விற்றவர் மேல் தப்பா, வாங்கின எங்கள் மேல் தப்பா?

இரண்டு பேரும் மாட்டலாம். வேலை கொடுப்பவரின் பொறுப்பு எங்கேயும் போய்விடாது. மோப்ளி வழக்கில் புதிதாக வந்தது விற்றவரின் பொறுப்பு. வொர்க்டே ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சி என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஆட்களை வடிகட்டும் வேலையை வேலை கொடுப்பவர்கள் அதனிடம் ஒப்படைத்திருந்தால், அவர்களின் பிரதிநிதியாக அதன் மேல் வழக்கு நடத்தலாம் என்றது. நீங்கள் வாங்குகிறவரானால், ஒப்பந்தம் போடும்போதே இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிராகரிப்புக்கும் எந்த விதி அல்லது எந்த மதிப்பெண் காரணம் என்ற பதிவு, அப்புறம் விதியை அணைத்து மறுபடி ஓட்டிப் பார்க்கும் வசதி. இந்த இரண்டும் இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கை உங்களால் போடவே முடியாது.

எங்களிடம் ஏற்கெனவே மனிதர் இருக்கிறார். கடைசியில் ஹெச்.ஆர். பார்த்து ஓகே கொடுத்த பிறகுதான் மெயில் போகும். போதாதா?

அவர் என்ன பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. திரையில் ஐந்நூறு பெயர், பக்கத்தில் சிவப்பு நிற மதிப்பெண், கீழே "அனைத்தையும் நிராகரி" என்ற பொத்தான். அதை அழுத்துவது மனித முடிவு ஆகாது.

ஐரோப்பியச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, முழுக்க எந்திரத்தாலேயே எடுக்கப்பட்டு ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவுக்கு உட்படாமலிருக்கும் உரிமையைத் தருகிறது. மனிதத் தலையீடு இல்லாத ஆன்லைன் ஆள்சேர்ப்பை அந்தச் சட்டத்தின் முன்னுரையே உதாரணமாகச் சொல்கிறது. பெயருக்கு ஒரு மனிதரை உட்கார வைத்து இதிலிருந்து தப்ப முடியாது, முடிவை மாற்றும் அதிகாரமும் அறிவும் அவருக்கு இருக்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் விளக்கியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் ஷூஃபா என்ற ஜெர்மன் கடன் மதிப்பெண் நிறுவனம் பற்றிய வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. மதிப்பெண் போடுகிறவர் ஒருவர், முடிவு எடுக்கிறவர் வேறொருவர் என்றாலும், அந்த முடிவு மதிப்பெண்ணைப் பெரிதும் சார்ந்திருந்தால் மதிப்பெண் போடுவதே எந்திர முடிவுதான் என்றது. அது கடன் பற்றிய வழக்கு. ஆனால் ரெஸ்யூமே மதிப்பெண்ணுக்கு இது பொருந்தாமல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

எதிர்ப் பக்க உதாரணம் நியூயார்க் நகரம். அங்கே 2023 ஜூலை 5 முதல் நடைமுறைப்படுத்தப்படும் 144-ஆம் உள்ளூர்ச் சட்டப்படி, ஆள்தேர்வு மென்பொருளை வருடத்துக்கு ஒரு முறை வெளியாரைக் கொண்டு பாகுபாட்டுத் தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். ஆனால் மனித முடிவுக்கு மென்பொருள் கணிசமாக உதவினாலோ, அந்த முடிவின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலோதான் இது பொருந்தும். எவ்வளவு கணிசம் என்று தீர்மானிப்பது நிறுவனமே. "எங்களிடம் மனிதர் பார்க்கிறார்" என்று தானே சொல்லிக்கொண்டால் தணிக்கையே வேண்டாம். ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களின் இணையதளங்களைத் தேடிப் பார்த்தபோது 18-இல் மட்டுமே தணிக்கை அறிக்கை கிடைத்தது. மனிதப் பரிசீலனையைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டால் அது விண்ணப்பதாரரைக் காப்பாற்றாது, நிறுவனத்தைத்தான் தணிக்கையிலிருந்து காப்பாற்றும்.

மனிதர்கள் மட்டும் ரொம்ப நியாயமா? பெயரைப் பார்த்தே ஒதுக்குகிறவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்குத் தகுதியில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதைச் செய்தவர்கள் மனிதர்கள்தான்.

எந்திரம் இதிலிருந்து நம்மை மீட்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் மொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கு ஒரே ரெஸ்யூமேவை வெவ்வேறு பெயர்களோடு கொடுத்தபோது, 85 சதவீத ஒப்பீடுகளில் வெள்ளையர் பெயர்களுக்கே முன்னுரிமை கிடைத்தது. மனிதரின் பழைய சாய்வு எந்திரத்துக்குள் போய், ஒரே விதியாக, எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறது. ஒரு மேலாளர் முன்முடிவோடு இருந்தால் அடுத்த கம்பெனியில் வேறொரு மேலாளர் இருப்பார். ஒரே மென்பொருள் நூறு கம்பெனியில் இருந்தால் அந்த ஆளுக்குப் போக வேறு இடம் இல்லை.

நல்லவர் என்பதற்காக மனிதர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதி எழுதும்போது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ரெஸ்யூமேயில் இருந்தால், அதை ஒருவர் கவனித்து "இதை ஏன் ஒதுக்கினோம்?" என்று கேட்க முடியும். முடிவெடுத்த அந்த மனிதரிடம் நாம் பதிலும் கேட்க முடியும். பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டுக் கொடுத்தால் அவருடைய சாய்வும் ஓரளவு குறையும்.

ஒரு வேலைக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. அத்தனையும் படிக்க ஆள் எங்கே?

அத்தனையும் படிக்க வேண்டாம். மேலே போட்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நிராகரிக்கப்பட்டவர்கள் 510 பேர். ரெஸ்யூமேவுக்கு இரண்டு நிமிடம் என்றால் 17 மணி நேரம். ஒரு ஆளின் இரண்டு நாள் வேலை. அது முடியாத இடத்தில், ஒரே ஒரு விதியால் மட்டும் விழுந்த 60 பேரைப் படிக்க இரண்டு மணி நேரம் போதும். மீதி 450 பேரில் குலுக்கல் முறையில் 45 பேரை எடுத்துப் படித்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம். மொத்தம் மூன்றரை மணி நேரம். ஒரு நல்ல ஆளைத் தவறவிட்டு மறுபடி விளம்பரம் கொடுக்கும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை செய்ய அனுமதி இல்லை, கட்டாய உரிமம் இல்லை என்பது போல ஆம்–இல்லை என்று முடிந்துவிடும் காரணங்களை மென்பொருளிடமே விட்டுவிடலாம். அதில்கூட, கேள்வி குழப்பமாக இருந்து ஆட்கள் தப்பாக "இல்லை" போடுகிறார்களா என்று குலுக்கலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படிக்கிறவர் எப்படிப் படிக்கிறார் என்பதும் முக்கியம். மென்பொருளின் மதிப்பெண்ணை முதலிலேயே காட்டினால் கண் அதையே நம்பும். ஐரோப்பாவின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டமும், விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளை அதிக ஆபத்து வகையில் வைத்துவிட்டு, எந்திரத்தை அளவுக்கு மீறி நம்பும் இந்தப் பழக்கத்தை மேற்பார்வையாளர் உணர்ந்திருக்க வேண்டும் என்று 14-ஆம் பிரிவில் சொல்கிறது. அதனால் மதிப்பெண்ணை மறைத்துக் கொடுங்கள். அவர் தன் முடிவை எழுதிய பிறகு மதிப்பெண்ணைத் திறக்கட்டும். நிராகரிப்பு மெயில் இந்தப் பரிசீலனை முடிந்த பிறகுதான் போக வேண்டும். மெயில் போன பிறகு திருத்துவதற்கு ஆள் காத்துக்கொண்டிருக்க மாட்டார்.

பரிசீலனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவு உண்டு. மாதத்துக்கு எத்தனை நிராகரிப்புகளை மனிதர் மாற்றினார் என்று எண்ணுங்கள். பல மாதமாகப் பூஜ்யம் என்றால் மென்பொருள் பிரமாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தே நல்ல ரெஸ்யூமே சிலவற்றை நிராகரிப்புக் குவியலில் கலந்து வையுங்கள். அவையும் அப்படியே போய்விட்டால் யாரும் படிக்கவில்லை.

இந்தியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறதா?

எந்திர முடிவை மறுக்கும் உரிமை என்று நேரடியாக எதுவும் இல்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐரோப்பாவின் 22-ஆம் பிரிவு போன்ற ஒன்று வரவில்லை. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் சரியாகவும் இருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் இருக்கிறது. அந்தக் கடமை நடைமுறைக்கு வந்த பிறகு, மென்பொருள் தேதியைத் தப்பாகப் படித்த கதைக்கு இது கொஞ்சம் உதவும்.

பாகுபாட்டைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் சம வாய்ப்பு உரிமை அரசு வேலைக்கானது. தனியாருக்குத் தனித்தனிச் சட்டங்கள்தான். ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாட்டை 1976-இன் சம ஊதியச் சட்டம் தடுத்தது, இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டமும் திருநர்களுக்கு 2019 சட்டமும் உள்ளன. வயதுக்கும், தனியார் ஆள்சேர்ப்பில் சாதிக்கும் இப்படி ஒரு பொதுவான சட்டம் இல்லை. இது பெரிய ஓட்டை.

சென்னையில் உட்கார்ந்து ஜெர்மன் கிளைக்கு ஆள் ஷார்ட்லிஸ்ட் செய்யும் குழுக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பியக் கிளையின் வேலைக்காகத் தரவைக் கையாண்டால், அதை எந்த நாட்டில் வைத்துச் செய்தாலும் ஜி.டி.பி.ஆர். பின்னாலேயே வரும்.

நான் விண்ணப்பித்தவன். இப்போது என்ன செய்யலாம்?

விண்ணப்பித்த நேரம், மெயில் வந்த நேரம், வேலை விளம்பரத்தின் நகல், படிவத்தில் நீங்கள் கொடுத்த பதில்கள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் சில நாளில் காணாமல் போய்விடும்.

ஐரோப்பிய நிறுவனம் என்றால் ஜி.டி.பி.ஆர். சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி உங்கள் தரவையும், எந்திர முடிவு இருந்தால் அது எப்படி எடுக்கப்பட்டது என்ற விளக்கத்தையும் எழுதிக் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் கூடுதல் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். விளக்கம் புரியும்படி இருக்க வேண்டும், கணிதச் சூத்திரத்தைத் தூக்கிக் கொடுத்தால் போதாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. அமெரிக்காவில் என்றால் இ.இ.ஓ.சி.-யில் புகார் கொடுக்கக் காலக்கெடு 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். மற்ற இடங்களில் நிறுவனத்தின் ஹெச்.ஆர். முகவரிக்கு ஒரு மெயில் போடுங்கள். "என் விண்ணப்பம் எந்த நிபந்தனையில் நிராகரிக்கப்பட்டது, அதை ஒருவர் படித்தாரா, மறுபரிசீலனை செய்ய முடியுமா" என்ற மூன்றை மட்டும் கேட்டால் போதும். ரெஸ்யூமேயில் தேதிகளை மாதத்தின் பெயரோடு எழுதுங்கள், "ஜூன் 2016 – டிசம்பர் 2018" என்பது போல. இடைவெளி இருந்தால் அதற்கும் ஒரு வரி கொடுங்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று.